பங்குப் பதிவேட்டை ஷீட்டில் ஏற்ற: சங்கச் செயலாளரின் பதில்கள்

ஷீட் தயாரித்துத் தர முன்வந்த தம்பியும் உறுப்பினர்கள் சிலரும் கேட்டவற்றுக்கு ஒரே கடிதமாகப் பதில் எழுதுகிறேன்.

"உறுப்பினருக்கு ஒரு வரி, கடைசியில் மொத்தப் பங்கு. இது போதாதா சார்?"

போதாது தம்பி. அதில் இன்றைய இருப்பு மட்டும்தான் நிற்கும். பங்கு கூடினாலும் குறைந்தாலும் பழைய எண்ணை அழித்துத்தான் புதியதை எழுத வேண்டியிருக்கும். ஆண்டுக் கடைசி நாளில் அவரிடம் எத்தனை பங்கு இருந்தது என்று தணிக்கையாளர் கேட்டால் காட்ட எதுவும் இருக்காது. லாபப் பங்கீடும் அந்த நாளின் இருப்பை வைத்துத்தான்.

ஆகவே இரண்டு ஷீட் வேண்டும். `Members` ஷீட்டில் உறுப்பினர் எண், பெயர், முகவரி, சேர்ந்த தேதி, நியமனதாரர், விலகிய தேதி. பங்கு எண்ணிக்கையைக் கையால் எழுத அங்கே இடமே வைக்காதீர்கள். `Txn` ஷீட்டில் ஒவ்வொரு நடவடிக்கைக்கும் ஒரு வரி. A-இல் தேதி, B-இல் உறுப்பினர் எண், C-இல் வகை, D, E-இல் பங்கின் தொடக்க எண், முடிவு எண், F-இல் எத்தனை பங்கு (வந்தால் கூட்டல், போனால் கழித்தல்), G-இல் சான்றிதழ் எண், H-இல் பங்கு மாற்றத்துக்கான எண். `Members` ஷீட்டின் J1-இல் ஒரு தேதியை எழுதினால், அன்றைய இருப்பு இப்படி வந்துவிடும்:

```
=SUMIFS(Txn!$F:$F,Txn!$B:$B,$A2,Txn!$A:$A,"<="&$J$1)
```

தப்பாக ஏறிய வரியை அழிக்க வேண்டாம். எதிர்க்குறியோடு இன்னொரு வரி போட்டு, பிறகு சரியானதைப் போடுங்கள்.

"ஒருவர் தன் பங்கில் ஒரு பகுதியை இன்னொருவருக்குக் கொடுத்தால் எத்தனை வரி எழுதுவது?"

மூன்று வரி. 47-ஆம் உறுப்பினரிடம் 301 முதல் 320 வரை 20 பங்கு, சான்றிதழ் 31 என்று வையுங்கள். அவர் 313 முதல் 320 வரையிலான எட்டை 112-ஆம் உறுப்பினருக்கு மாற்றுகிறார். முதல் வரி 47-க்கு −8. அதில் ரத்தாகும் சான்றிதழ் 31. இரண்டாவது 112-க்கு +8, புதிய சான்றிதழ் 88. பலரும் விட்டுவிடுவது மூன்றாவதைத்தான்: 47-இடம் மிஞ்சிய 301–312-க்கு வேறு சான்றிதழ், 87. பங்கு கூடவும் இல்லை, குறையவும் இல்லை என்பதால் F-இல் 0. இந்த வரி இல்லாவிட்டால், ரத்தான 31 இன்னும் செல்லுவது போலவே பதிவேடு காட்டும்.

மூன்றுக்கும் H-இல் ஒரே மாற்ற எண் கொடுங்கள். அந்த எண்ணின் F கூட்டல் பூஜ்யம் வராவிட்டால் ஒரு பக்கம் விட்டுப்போயிருக்கிறது என்று பொருள். 320-இலிருந்து 313-ஐக் கழித்து 7 பங்கு என்று எழுதிவிடுவதும் அடிக்கடி நடப்பதுதான். பக்கத்தில் இதைப் போட்டால் தப்பான வரி FALSE என்று காட்டும்:

```
=OR(F2=0,E2-D2+1=ABS(F2))
```

"உறுப்பினர் எண் 0047 என்று அடித்தால் 47 ஆகிவிடுகிறது. பத்தியை டெக்ஸ்ட் ஆக்கினால் சரியாகிவிடும், இல்லையா?"

பாதி சரி. பார்க்க 0047 என்றே நிற்கும். ஆனால் `SUMIFS` 0047-ஐயும் 47-ஐயும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். பழைய வரிசை, புதிய வரிசை என்று இரண்டு விதமாக எண் போட்ட சங்கத்தில் இரண்டு பேரின் பங்கு ஒருவர் கணக்கில் சேர்ந்துவிடும். முன்னால் ஓர் எழுத்து சேருங்கள்: `M0047`.

தேதியில் ஆபத்து இன்னும் அதிகம். 05.06.2024 என்று புள்ளி வைத்து அடித்தால் சில கணினிகளில் அது வெறும் எழுத்தாகவே நின்றுவிடும். மேலே உள்ள சூத்திரம் அந்த வரியைச் சத்தமில்லாமல் விட்டுவிடும்; பிழைச் செய்தியும் வராது. `=COUNTA(Txn!A2:A5000)-COUNT(Txn!A2:A5000)` பூஜ்யம் தவிர வேறு எதைக் காட்டினாலும் அத்தனை தேதிகள் கெட்டிருக்கின்றன.

"அப்பா பெயரில் 10 பங்கு இருக்கிறது, அவர் காலமாகிவிட்டார். நான்தான் நியமனதாரர். பெயரை மட்டும் மாற்றிவிடுவீர்களா?"

பெயரை மட்டும் மாற்ற முடியாதம்மா. அப்பாவின் வரி அவர் பெயரிலேயே முடிய வேண்டும். நீங்கள் உறுப்பினராகச் சேரத் தகுதி இருந்தால் உங்களுக்குப் புது எண். "இறப்பு வழி மாற்றம்" என்ற வகையில் அவருக்கு −10, உங்களுக்கு +10. சேர முடியாவிட்டால் பங்குத்தொகையாகத் தருவதா என்பதைத் துணைவிதியைப் பார்த்துக் குழு சொல்லும். அதுவரை எதையும் ஏற்ற மாட்டோம்.

"விலகியவரின் பங்கு எண்களைப் புதியவருக்குக் கொடுக்கலாமா? வீணாகிறதே."

குழுவிலேயே இதில் இரண்டு கருத்து இருக்கிறது. கொடுக்கக் கூடாது என்பது என் எண்ணம். 301 ஒரே நேரத்தில் இருவரிடம் இருக்கிறதா என்று தேடும்போது, பழைய வரியும் புதிய வரியும் கலந்து நின்று குழப்பும். எண் தீர்ந்துபோகும் பொருளும் இல்லை. மற்றவர்கள், உறுப்பினர்களிடம் உள்ள மொத்தப் பங்கும் கடைசிப் பங்கு எண்ணும் ஒன்றாக இருந்தால் சரிபார்க்க எளிது என்கிறார்கள், அதுவும் நியாயம்தான். முடிவாகும்வரை தம்பி, புது ஒதுக்கீட்டை `=MAX(Txn!E:E)+1` காட்டும் எண்ணிலிருந்தே தொடங்குங்கள்.