ஏழு பெட்டியும் ஐந்து சேர்விலக்கமும்: ஹேஷ் டேபிள் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் அரைவாசிக்கு மேல் ஹேஷ் டேபிள் பற்றியவை. பரீட்சை நெருங்குகிறது போலும். ஒரே எடுத்துக்காட்டை வைத்தே பலருக்கும் பதில் சொல்லலாம் என்பதால் முதல் பதிலைக் கொஞ்சம் விரித்து எழுதியிருக்கிறேன். மற்றவர்களும் அதைப் படித்துவிட்டுக் கீழே வாருங்கள்.

டிப்ளோமா வகுப்புக்குத் தரவுக் கட்டமைப்பு ஸ்லைட் செய்கிறேன் சேர். முதல் ஸ்லைட்டில் "தேடல் O(1)" என்று போட்டேன். அடுத்த ஸ்லைட்டில் கொலிஷன் படம். உடனே பிள்ளைகள் "அப்ப O(1) என்றது பொய்யா மிஸ்?" என்கிறார்கள். எப்படி விளங்கப்படுத்துவது? (ஆசிரியை, மூதூர்)

பிள்ளைகள் சரியாகத்தான் கேட்டிருக்கிறார்கள். உங்கள் முதல் ஸ்லைட்டில் "சராசரியாக" என்ற சொல் விடுபட்டிருக்கிறது. மிக மோசமான நிலையில் ஹேஷ் டேபிளிலும் தேடல் O(n) தான். எல்லாத் தரவும் ஒரே பெட்டியில் விழுந்தால் வரிசையாகத்தான் தேடவேண்டும். ஆனால் சொல்லை மட்டும் சேர்த்தால் போதாது, எண்களைப் போட்டுக் காட்டவேண்டும்.

பாடசாலை நூலகத்தில் புத்தகம் எடுத்த ஐந்து பிள்ளைகளின் சேர்விலக்கங்கள் 4512, 4519, 4523, 4530, 4506 என்று வைத்துக்கொள்வோம். பெட்டிகள் ஏழு, 0 முதல் 6 வரை. ஹேஷ் ஃபங்ஷன் மிக எளியது: இலக்கத்தை 7ஆல் வகுத்து மீதியை எடு. 4512க்கு மீதி 4. 4519க்கும் 4, ஏனென்றால் இரண்டுக்கும் இடையே சரியாக 7 வித்தியாசம். 4523க்கு 1, 4530க்கும் 1. 4506க்கு 5. ஐந்தே இலக்கங்கள், அதற்குள் இரண்டு கொலிஷன்.

இப்போது ஒரே பெட்டியில் விழுந்தவற்றைச் சங்கிலியாகக் கோர்த்துவிடுங்கள். 4530ஐத் தேடவேண்டுமா? மீதி 1, பெட்டி 1ஐத் திற. முதலில் 4523 நிற்கிறது, அது இல்லை. அடுத்தது 4530, கிடைத்துவிட்டது. இரண்டு ஒப்பீடு. பெட்டி இலக்கம் ஆளைக் காட்டிவிடாது, இடத்தை மட்டும்தான் காட்டும் என்பதும் இங்கே தெரிந்துவிடும். அதனால்தான் இலக்கத்தையும் பெட்டிக்குள் எழுதி வைக்கிறோம். ஐந்து பேரையும் ஒவ்வொரு தடவை தேடினால் 1, 2, 1, 2, 1 என மொத்தம் ஏழு ஒப்பீடு. சராசரி 1.4.

அடுத்த ஸ்லைட்டில் இந்தக் கேள்வியைப் போடுங்கள்: 70 இலட்சம் பெட்டி, 50 இலட்சம் இலக்கம் என்றால் சராசரி எவ்வளவு? ஃபங்ஷன் இலக்கங்களை ஒழுங்காகப் பரப்பினால் அப்போதும் ஏறத்தாழ 1.4 தான். சங்கிலியின் நீளத்தைத் தீர்மானிப்பது இலக்கங்களின் எண்ணிக்கை இல்லை, ஒரு பெட்டிக்கு எத்தனை இலக்கம் என்ற விகிதம். லோட் ஃபெக்டர் என்பது இதைத்தான். அதே 50 இலட்சத்தை வரிசைப்படுத்தி வைத்து பைனரி சேர்ச் செய்தால் 23 ஒப்பீடு வரை போகும். O(1) என்ற குறியீட்டுக்குள் இருப்பது இவ்வளவுதான். ஒரே ஒப்பீட்டில் முடியும் என்று அது சொல்லவில்லை. தரவு பெருகினாலும் ஒப்பீடு பெருகாது என்றுதான் சொல்கிறது.

ஆனால் விகிதம் தானாக அப்படியே நிற்காது, நாம்தான் காக்கவேண்டும். ஜாவாவின் `HashMap` 16 பெட்டியுடன் தொடங்கி, முக்கால் பங்கு நிரம்பியதும் பெட்டிகளை இரட்டிப்பாக்குகிறது. நம் ஏழையும் பதினான்காக்கிப் பாருங்கள். 14ஆல் வகுத்தால் 4512க்கு 4, 4519க்கு 11, 4523க்கு 1, 4530க்கு 8, 4506க்கு 12. ஐந்தும் ஐந்து பெட்டி! இவ்வளவு சுத்தமாகப் பிரிந்தது இந்த எண்களின் அதிர்ஷ்டம், எப்போதும் இப்படி வராது என்றும் சொல்லிவிடுங்கள். இன்னொன்று, இரட்டிப்பாக்கும் அந்த ஒரு தடவை எல்லா இலக்கத்துக்கும் புதிதாகக் கணக்குப் போட்டு இடம் மாற்றவேண்டும். அந்த ஒரு சேர்ப்பு மட்டும் மெதுவாகும். அது எப்போதாவதுதான் வருவதால், எல்லாச் சேர்ப்புகளுக்கும் பிரித்துப் பார்த்தால் ஆளுக்குச் சொற்பம்தான்.

என் கருத்து: எல்லா ஸ்லைட்டிலும் இதே ஐந்து இலக்கங்களையே வையுங்கள். ஸ்லைட்டுக்கு ஸ்லைட் புது எண் வந்தால், பிள்ளைகள் எண்ணைப் பழகுவதற்குள் விஷயம் ஓடிவிடும்.

365 பெட்டி உள்ள டேபிளில் இருபத்துச் சொச்சம் பெயர்தான் போட்டேன். அதற்குள் கொலிஷன் வந்துவிட்டது. என் ஹேஷ் ஃபங்ஷன் பிழையா? (மாணவர், நிலாவெளி)

பிழை என்று சொல்ல இது போதாது, தம்பி. 365 என்ற எண்ணை நீங்களே எடுத்திருக்கிறீர்கள், அதனால் பிறந்தநாளையே பாருங்கள். 23 பேர் இருக்கும் அறையில் இருவருக்காவது ஒரே பிறந்தநாளாக இருக்கும் வாய்ப்பு பாதிக்குச் சற்று மேல். டேபிளில் நூற்றுக்கு ஆறு பங்குதான் நிரம்பியிருக்கிறது, ஆனாலும் கொலிஷன் வருவதற்கே வாய்ப்பு அதிகம். எவ்வளவு நல்ல ஃபங்ஷனாலும் இதைத் தவிர்க்க முடியாது.

முதல் கொலிஷன் எப்போது வந்தது என்று பார்க்காதீர்கள், சங்கிலிகள் எவ்வளவு நீளம் என்று பாருங்கள். 365 பெட்டியில் 365 பெயரைப் போட்டு எண்ணுங்கள். நன்றாகப் பரப்பும் ஃபங்ஷன் என்றால் நூற்றுக்கு 37 பெட்டி வெறுமையாகவும், இன்னொரு 37 பெட்டியில் ஒன்றும், 18 பெட்டியில் இரண்டும் இருக்கும். நான்கு அல்லது அதற்கு மேல் சேர்ந்த பெட்டிகள் நூற்றுக்கு இரண்டளவில். உங்களுடையதில் பாதிக்கு மேல் வெறுமையாகக் கிடந்து, எங்கோ ஒரு பெட்டியில் முப்பது பெயர் குவிந்திருந்தால் அப்போது ஃபங்ஷனைச் சந்தேகியுங்கள்.

லீனியர் ப்ரோபிங் எழுதினேன் சேர். ஒரு இலக்கத்தை அழித்தால் வேறொரு இலக்கம் காணாமல் போகிறது! (மாணவி, கிண்ணியா)

உங்கள் கோட் வரவில்லை, ஆனால் தவறு எங்கே என்று ஊகிக்கலாம். தேடும் பகுதி இப்படித்தான் இருக்கும்:

```python
def thedu(t, k):
    i = k % len(t)
    while t[i] is not None:
        if t[i] == k:
            return i
        i = (i + 1) % len(t)
    return -1
```

மேலே சொன்ன ஐந்து இலக்கங்களையும் அதே ஒழுங்கில் போடுவோம். இம்முறை சங்கிலி இல்லை, பெட்டிக்கு ஒன்றுதான். இடம் இல்லையென்றால் அடுத்த பெட்டி. 4512 பெட்டி 4இல் அமர்கிறது. 4519க்கும் 4 தான், ஆள் இருப்பதால் 5க்குப் போகிறது. 4523 பெட்டி 1இல், 4530 தள்ளப்பட்டு 2இல். கடைசியாக 4506 வருகிறது. அதற்குச் சொந்தமான பெட்டி 5, ஆனால் அங்கே 4519 உட்கார்ந்திருக்கிறது. ஆகவே 6.

இப்போது 4519ஐ அழித்து, பெட்டி 5இல் `None` போடுகிறீர்கள். அப்புறம் 4506ஐத் தேடுகிறீர்கள். கணக்கு 5 என்கிறது, பெட்டி 5இல் `None`. தேடல் அங்கேயே நின்று "இல்லை" என்கிறது. ஆனால் 4506 அடுத்த பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. "இங்கே யாரும் வந்ததே இல்லை", "இங்கே இருந்தவர் போய்விட்டார்" ஆகிய இரண்டுக்கும் நீங்கள் ஒரே அடையாளத்தைப் போட்டதுதான் பிரச்சினை. அழித்த இடத்தில் `None` வேண்டாம், `"DEL"` மாதிரித் தனியான ஒன்றைப் போடுங்கள். மேலே உள்ள தேடல் அதைத் தாண்டிப் போய்விடும். புதிதாகச் சேர்க்கும்போது, அந்த இலக்கம் ஏற்கெனவே இல்லை என்று உறுதியான பிறகு அந்த இடத்தையே பயன்படுத்தலாம். `"DEL"` நிறையச் சேர்ந்தால் தேடல் இழுபடும். அப்போது டேபிளைப் புதிதாகக் கட்டுங்கள்.

இதே கோடில் இன்னொரு குழியும் இருக்கிறது. டேபிள் முழுக்க நிரம்பி, இல்லாத ஓர் இலக்கத்தைத் தேடினால் `while` நிற்கவே நிற்காது. நிரம்புவதற்கு முன்பே வேகமும் விழுந்துவிடும். நன்றாகப் பரப்பும் ஃபங்ஷனாகவே இருந்தாலும், இல்லாத இலக்கத்தைத் தேட பாதி நிரம்பிய டேபிளில் சராசரியாக 2.5 பெட்டி பார்க்கவேண்டும். முக்கால் என்றால் 8.5, தொண்ணூறு வீதம் என்றால் ஐம்பதுக்கும் மேல். லீனியர் ப்ரோபிங் என்றால் பாதிக்கு மேல் போனதும் பெட்டிகளைக் கூட்டுவது நல்லது.

அடையாள அட்டை இலக்கத்தை வைத்து வகுப்புப் பதிவேடு செய்கிறேன். 1000 பெட்டி, முதல் நான்கு இலக்கத்தை எடுத்து 1000ஆல் வகுத்து மீதி. மிக மெதுவாக ஓடுகிறது. (உப்புவெளி)

புதிய 12 இலக்க அட்டையில் முதல் நான்கும் பிறந்த வருடம். ஒரே வகுப்பு என்றால் எல்லாரும் இரண்டு மூன்று வருடத்துக்குள் பிறந்தவர்கள், ஆகவே ஆயிரத்தில் இரண்டு மூன்று பெட்டிதான் பயன்படுகிறது. அடுத்த மூன்று இலக்கத்தை எடுத்தாலும் முழுத் தீர்வு இல்லை. அது வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது, பெண்களுக்கு 500 கூட்டப்பட்டிருக்கும். 366க்கும் 501க்கும் இடையில், 866க்கு மேல் எதுவும் வராது. கால்வாசிப் பெட்டி எப்போதும் சும்மா கிடக்கும். 12 இலக்கத்தையும் ஒரே எண்ணாக எடுத்து, 1009 மாதிரி ஒரு பகா எண்ணால் வகுத்து மீதி பாருங்கள்.

பைதனில் `hash("மூதூர்")` ஒவ்வொரு தடவை ஓட்டும்போதும் வேறு எண் தருகிறது. அதைவிட, ஊர்ப் பெயர் டிக்‌ஷனரியில் "திருகோணமலை" கண்ணுக்கு இருக்கிறது, தேடினால் `KeyError`. இரண்டுக்கும் தொடர்பு உண்டா? (திருகோணமலை நகர்)

தொடர்பு இல்லை. முதலாவது வேண்டுமென்றே செய்தது. ஒரே பெட்டியில் விழும் சொற்களை ஆயிரக்கணக்கில் தயாரித்து அனுப்பி இணைய சேர்வர்களைத் திணறடிக்கலாம் என்று 2011இல் காட்டினார்கள். அதனால் பைதன் 3.3 முதல் எழுத்துத் தொடர்களின் ஹேஷில் ஒவ்வோர் ஓட்டத்துக்கும் ஒரு எழுமாற்று எண் கலக்கப்படுகிறது. ஓர் ஓட்டத்துக்குள் மாறாது, ஆகவே டிக்‌ஷனரிக்குப் பாதிப்பில்லை. அந்த எண்ணைக் கோப்பில் சேமித்து மறுநாள் பயன்படுத்த மட்டும் நினைக்காதீர்கள்.

இரண்டாவது நம் எழுத்தின் சிக்கல். "கோ" என்பதில் வரும் உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பையும் காலையும் தனித்தனியாக இரண்டு குறியாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், பைதனுக்கு அவை இரு வேறு சொற்கள். ஹேஷும் வேறாகும், ஒப்பீடும் பொருந்தாது. `len` போட்டுப் பாருங்கள்: ஒன்றுக்கு 10, மற்றதுக்கு 11 வரும். டிக்‌ஷனரியில் போடும்போதும் தேடும்போதும் பெயரை இதற்குள் செலுத்துங்கள்:

```python
import unicodedata
peyar = unicodedata.normalize("NFC", peyar)
```

அப்போதும் கிடைக்கவில்லையென்றால் பெயரின் கடைசியில் இடைவெளி ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று `repr(peyar)` போட்டுப் பாருங்கள்.