செங்குன்றம், மாதவரம் பக்கம் குடோன் ஹப் இன்டர்வியூ போறவங்க கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

நான் ஷிப்ட் சூப்பர்வைசர், ஆள் எடுக்கும்போது டேபிளுக்கு இந்த பக்கம் உக்கார்ற ஆளு. லோடிங், சார்ட்டிங் வேலைய பத்தி மட்டும் கேளுங்க, ஆபீஸ் வேலை எனக்கு அவ்ளோவா தெரியாது.

வியாசர்பாடி தம்பி: அண்ணா, நாளைக்கு இன்டர்வியூ. எவ்ளோ வெயிட் தூக்குவன்னு கேப்பாங்களாம், 100 கிலோன்னு சொல்லட்டா?

சொல்லாத தம்பி. அப்படி சொல்றவன் ஒரு வாரத்துல முதுக புடிச்சிக்கிட்டு லீவு கேப்பான்னு கேக்குறவருக்கு தெரியும். "இருவத்தஞ்சு கிலோ வரைக்கும் தனியா தூக்குவேன், அதுக்கு மேலன்னா இன்னொருத்தர கூப்பிடுவேன் இல்ல ட்ராலி எடுப்பேன்"னு உனக்கு முடியறத சொல்லு. நம்ம ஏரியாவுல அரிசி மூட்டை 26 கிலோல வருது, அத கணக்கா வச்சிக்க.

சில எடத்துல பொட்டிய காட்டி தூக்கி காட்டுப்பான்னு சொல்லுவாங்க. அப்ப பொட்டி மேல ஏறிச்சான்னு நாங்க பாக்க மாட்டோம், உன் கால தான் பாப்போம். மொதல்ல பொட்டிய ஒரு பக்கம் சாச்சு வெயிட் பாரு, அடி பிஞ்சிருக்கான்னு பாரு. அப்புறம் பக்கத்துல போயி ஒரு கால் கொஞ்சம் முன்னாடி வச்சு, முட்டிய மடக்கி, பொட்டிய வயித்தோட ஒட்டி எடு. தண்ணி குடத்த இடுப்புல வச்சா அரை தெரு போலாம், அதையே கைய நீட்டி புடிச்சா பத்தடி தாண்ட முடியாது, அதே கதை தான். திரும்பும்போது இடுப்ப முறுக்காம கால மாத்தி வச்சு திரும்பணும். முதுகு புடிக்கிறது தூக்கும்போது மட்டும் இல்ல, தூக்கிட்டு முறுக்கும்போதும் தான், அதுவும் ஷிப்ட் கடைசில களைச்சு போயிருக்குறப்ப.

தண்டையார்பேட்டை அண்ணன்: இடுப்பு பெல்ட் போட்டுட்டா இதெல்லாம் பிரச்சனையே இல்ல தம்பி, நான் கிரானைட்டே தூக்கிருக்கேன்.

அண்ணா, பெல்ட் கட்டுனா நிமிந்து நிக்கணும்ங்கிற ஞாபகம் வரும், அந்த வரைக்கும் நீங்க சொல்றது சரி. ஆனா பெல்ட்டால பலம் கூடாது. கட்டிட்டோம்ங்கிற தைரியத்துல கூட பத்து கிலோ சேத்து தூக்குறவங்கள நான் பாத்துருக்கேன், அது தான் ஆபத்து.

மணலி தங்கச்சி: சேஃப்டி கேள்வின்னு என்னண்ணா கேப்பாங்க? நான் சார்ட்டிங்க்கு போறேன்.

நான் எப்பவும் கேக்குறது ஒன்னு தான்மா. "கன்வேயர் பெல்ட் ஓடிக்கிட்டு இருக்கு, ஒரு பார்சல் ரோலர்ல மாட்டிக்கிச்சு, பின்னாடி எல்லாம் சேந்து குவியுது, என்ன பண்ணுவ?" பத்துல ஏழு பேர் "டக்குனு இழுத்துடுவேன் சார்"னு சொல்லுவாங்க. சுறுசுறுப்புன்னு நெனச்சு தான் சொல்றாங்க, ஆனா அது தான் தப்பான பதில்.

சரியான பதில், பக்கத்துல இருக்குற செவப்பு எமர்ஜென்சி பட்டன அமுக்குவேன், இல்ல பெல்ட் ஓரமா ஓடுற கயிறு இருந்தா அத இழுப்பேன், பெல்ட் நின்னது கண்ணால பாத்தப்புறம் லைன் லீடர கூப்பிடுவேன், அவர் சொன்னா தான் பார்சல எடுப்பேன். இதோட நிறுத்தாத. "எடுத்த ஆள் கைய வெளிய எடுத்துட்டாரான்னு பாக்காம யாரும் திரும்ப ஸ்டார்ட் பண்ணக்கூடாது"ன்னு சேத்து சொல்லு. கை போறது அங்கயும் தான், இந்த முனைல ஒருத்தர் குனிஞ்சு எடுத்துக்கிட்டு இருப்பாரு, அந்த முனைல இருக்குறவர் க்ளியர் ஆயிடுச்சுன்னு நெனச்சு பட்டன ரிலீஸ் பண்ணி ஸ்டார்ட் பண்ணிடுவாரு.

அதுக்கப்புறம் நான் வேணும்னே மடக்குவேன், "பெல்ட்ட நிறுத்துனா டார்கெட் போயிடுமே?"ன்னு. "போனா போகட்டும் சார், நிறுத்துனேன்னு உடனே உங்ககிட்ட சொல்லிடுவேன்"னு சொன்னா எனக்கு அந்த பொண்ணு வேணும்.

துப்பட்டாவ பின் பண்ணி உள்ள சொருகிட்டு போ, வளையல் வேணாம், முடிய கொண்டை போட்டுக்க. ஐடி கார்டு கயிறு தொங்குதேன்னு கேளு, இழுத்தா தானா கழண்டுக்குற கிளிப் உள்ள கயிறு தான் பெல்ட் பக்கத்துல நிக்கறவங்களுக்கு வேணும்.

செங்குன்றம்லேர்ந்து ஒரு அம்மா: பையனுக்கு மாசம் 17,500ன்னு ஏஜென்சில சொன்னாங்க தம்பி. கைல எவ்ளோ வரும்?

அது சிடிசியான்னு, அதாவது பையனுக்காக கம்பெனி செலவு பண்ற மொத்த காசான்னு கேளுங்கம்மா. கணக்கு போட்டு காட்டுறேன். பேசிக்கும் டிஏவும் சேந்து 15,000ன்னு வைங்க, அலவன்ஸ் எதுவும் இல்ல. பையன் பங்கு பிஎஃப் 12 சதவீதம் 1,800, ஈஎஸ்ஐ 0.75 சதவீதம் 113. கைக்கு 13,087. கம்பெனி தன் பக்கம் இன்சூரன்ஸ், நிர்வாக கட்டணம் எல்லாம் சேத்து பிஎஃப்க்கு 13 சதவீதம் 1,950, ஈஎஸ்ஐக்கு 3.25 சதவீதம் 488 கட்டும். அதையும் 15,000 கூட சேத்தா 17,438, அத தான் 17,500ன்னு வாயால சொல்றாங்க. ஏமாத்துன்னு சொல்ல முடியாது, பிஎஃப் காசுல பெரும்பகுதி பையனுது தான். ஆனா வீட்டு வாடகைய 17,500ஐ நம்பி பேசிடாதீங்க.

இத விட முக்கியம், சேர்ற அன்னைக்கே ஈஎஸ்ஐ நம்பர் போடுவீங்களான்னு கேக்க சொல்லுங்க. சாதாரண காய்ச்சலுக்கு சம்பளம் கெடைக்கணும்னா கொஞ்ச மாசம் கட்டியிருக்கணும், ஆனா வேலைல அடிபட்டா அந்த கணக்கு கெடையாது, மொத நாளே அடிபட்டாலும் வேலைக்கு போக முடியாத நாளுக்கு சராசரி சம்பளத்துல 90 சதவீதம் உண்டு. "ரெண்டு மாசம் பாத்துட்டு போடுறோம்"னு சொல்ற எடத்துல கேக்க வேண்டியத கேட்டுட்டு சேரட்டும்.

எர்ணாவூர் பையன்: எனக்கும் அடிபட்டுச்சு ப்ரோ, பைக்ல பார்சல் போடும்போது ஸ்கிட் ஆயிட்டேன், ஒரு பைசா வரல. ஈஎஸ்ஐ போடலாமா?

உன் கேஸ் வேற தம்பி. பார்சலுக்கு இவ்ளோன்னு காசு வாங்குனியா, இல்ல மாச சம்பளத்துல பிஎஃப் புடிச்சாங்களா? சம்பள ஆளா இருந்தா கேக்க வழி இருக்கு, சம்பள ஸ்லிப், அன்னைக்கு ரூட் ஷீட், ஆஸ்பத்திரி சீட்டு எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு ஈஎஸ்ஐ கிளை ஆபீஸ்க்கு நேர்ல போ. பார்சல் கணக்குன்னா அவங்க உன்ன ஊழியரா காட்டியிருக்கவே மாட்டாங்க. எது உன்னுதுன்னு தெரியாம நான் எதையும் அடிச்சு சொல்ல மாட்டேன்.

மணலி தங்கச்சி: இன்னொன்னுண்ணா, ஷிப்ட் மதியம் 2லேர்ந்து நைட் 11ன்னாங்க, ஓகேவான்னு கேட்டா என்ன சொல்ல?

உடனே தலையாட்டாத. 11ன்னு பேப்பர்ல இருக்கும், வெளியூர்லேர்ந்து சரக்கு கொண்டு வர்ற லைன்ஹால் வண்டி லேட்டா வந்தா 12 ஆயிடும், பண்டிகை சேல் டைம்ல கேக்கவே வேணாம். "11க்கு மேல நிறுத்துனா ஓவர்டைம் எப்படி கணக்கு, டபுளா? வண்டி எது வரைக்கும் விடுவீங்க, வீட்டு வாசலா, மூலக்கடையா?"ன்னு கேளு. மூலக்கடைல எறக்கி விட்டுட்டு ட்ரான்ஸ்போர்ட் குடுத்தோம்னு எழுதிக்கிற எடமும் இருக்கு, நடுராத்திரில அங்கேர்ந்து மணலிக்கு நீ எப்படி போவ? ஒரே ஷிப்ட்டா, வாரா வாரம் மாறுமான்னும் கேட்டுக்க.

வியாசர்பாடி தம்பி: மாறுற ஷிப்ட் நல்லதா, ஒரே நைட் நல்லதாண்ணா?

எங்க பசங்களுக்குள்ளயே இதுல சண்டை தான். பகல்ல தூங்க தனி ரூம் இருக்குறவன் ஒரே நைட்டுங்குறான், ஒத்த ரூம் வீட்ல இருக்குறவன் மாத்தி மாத்தி குடுங்குறான். உன் வீட்ல காலைல 9 மணிக்கு மேல சத்தம் எப்படி இருக்கும்னு பாத்துட்டு நீயே சொல்லு.