வாடகை 3.4 சதவீதமா, 1.4 சதவீதமா?

கேள்வி: மேடவாக்கத்தில் 70 லட்சத்துக்கு ஒரு பழைய இரண்டு பெட்ரூம் ஃப்ளாட் வருகிறது. குடியிருக்கச் சொந்த வீடு இருக்கிறது. மெயின்டனன்ஸ் உள்பட 20,000 வாடகை வரும் என்கிறார் புரோக்கர். பணம் கையில் இருக்கிறது, 30 சதவீத வரி கட்டுகிறேன். வீடு வாங்கலாமா, மியூச்சுவல் ஃபண்டில் போடலாமா?

பதில்: முதலில் 70 லட்சத்தைத் திருத்திக்கொள்வோம். மறுவிற்பனை ஃப்ளாட்டுக்கு முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், அதுவே 6.30 லட்சம். புரோக்கர் கமிஷன், பெயின்ட், குழாய் வேலை எல்லாம் சேர்த்தால் உங்கள் முதலீடு 78 லட்சம்.

இனி வாடகை. மாதம் 20,000 என்றால் வருடத்துக்கு 2.40 லட்சம், 70 லட்சத்துக்கு 3.4 சதவீதம் என்று தோன்றும். ஆனால் அது முழுதாகக் கைக்கு வராது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஆள் மாறி, இரண்டு மாதம் பூட்டிக் கிடக்கும் என்று வைத்தால் வருடத்துக்கு 11 மாத வாடகை, 2.20 லட்சம். மாதம் 3,000 மெயின்டனன்ஸ் என்றால் வருடத்துக்கு 36,000; வீடு காலியாக இருந்தாலும் அது நிற்காது. கோடையில் தண்ணீர் லாரி வந்தால் இன்னும் கூடும். சொத்து வரி 6,000, ரிப்பேருக்கு 15,000. ஆள் மாறும்போது புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, அதை இரண்டு வருடத்துக்குப் பிரித்தால் 10,000.

பலரும் தடுமாறுவது வருமான வரியில்தான். நீங்கள் கட்டிய சொத்து வரியைக் கழித்து, மீதி 2.14 லட்சத்தில் 30 சதவீதம் கழிவு தருவார்கள். அசோசியேஷனுக்குக் கட்டியதும் பெயின்ட் செலவும் அதற்குள்ளேயே அடக்கம், தனியாகக் கழிக்க முடியாது. மிச்சம் 1,49,800-க்கு செஸ்ஸோடு 31.2 சதவீதம், அதாவது சுமார் 46,700 வரி.

எல்லாம் போகக் கையில் நிற்பது வருடத்துக்கு 1.06 லட்சம். 78 லட்சத்துக்கு அது 1.4 சதவீதம்கூட இல்லை.

ஆக, வீட்டுக்கணக்கு முழுக்க விலையேற்றத்தின் மேல்தான் நிற்கிறது. எவ்வளவு ஏற வேண்டும்? ஈக்விட்டி ஃபண்ட் வருடம் 10 சதவீதம் தருவதாக வைத்துக்கொண்டால், 78 லட்சம் 10 வருடத்தில், 12.5 சதவீத மூலதன ஆதாய வரியும் செஸ்ஸும் போக, சுமார் 1.86 கோடி ஆகும். சர்சார்ஜை இரண்டு பக்கமும் விட்டுவிட்டேன். வாடகை வருடம் 5 சதவீதம் ஏறி, அதையும் சேர்த்துச் சேர்த்து ஃபண்டில் போட்டாலும் அதில் 20 லட்சம் போலத்தான் சேரும். மீதி 1.66 கோடியை, விற்கும்போது வரும் அதே மூலதன ஆதாய வரி போக, ஃப்ளாட் தர வேண்டுமென்றால், அது 1.80 கோடிக்கு விற்க வேண்டும். வருடத்துக்கு ஏறக்குறைய 10 சதவீத ஏற்றம், அதுவும் 10 வயது கூடிய கட்டடத்துக்கு.

ஃபண்டின் 10 சதவீதமும் என் அனுமானம்தான். 2020 ஜனவரி உச்சத்திலிருந்து மார்ச்சுக்குள் பங்குச்சந்தை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தது. அப்படி ஒரு வீழ்ச்சியைப் பார்த்து விற்றுவிடுவீர்கள் என்றால் இந்தக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. ஆனால் அவசரத்துக்கு 5 லட்சம் வேண்டுமென்றால் ஃபண்டில் எடுக்கலாம். ஃப்ளாட்டில் ஒரு அறையை மட்டும் விற்க முடியாது.

என் முடிவு ஃபண்ட் பக்கம்தான். அதை மாற்றக்கூடிய ஒன்று உண்டு: யூடிஎஸ், அதாவது மனையில் உங்கள் பிரிக்கப்படாத பங்கு. கட்டடம் தேயும், ஏறுவது மண்ணின் விலை. பத்திரத்தில் உங்கள் பங்குக்கு எத்தனை சதுர அடி மனை என்று பாருங்கள். அதை அந்தத் தெருவின் மனை விலையால் பெருக்கினால் 70 லட்சத்தில் பாதிகூட வரவில்லையென்றால், அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.