பூமியின் உள்சூடு ஏன் இன்னும் தணியவில்லை?

"ஏற்காட்டுப் பாறை 250 கோடி வருஷம் பழசாம், அதுவே ஆறிடுச்சு. பூமிக்குள்ள மட்டும் ஏன் இன்னும் கொதிக்குது?"

சேர்வராயன் மலையின் சார்னோகைட் பாறையும் ஒரு காலத்தில் பல கிலோமீட்டர் ஆழத்தில், 700 டிகிரிக்கு மேல் சூட்டில் கிடந்ததுதான். மேலே இருந்த நிலம் அரித்துப் போய் அது வெளியே வந்தது, ஆறிவிட்டது. பூமியின் மையத்துக்கு அந்த வழி இல்லை, ஏனென்றால் அதன்மேல் 2,900 கிலோமீட்டர் பாறை கம்பளி மாதிரி போர்த்தியிருக்கிறது. அதனால் பூமி உருவானபோது மோதல்களிலும் இரும்பு உள்ளே மூழ்கியதிலும் பிறந்த சூட்டில் ஒரு பங்கு இன்னும் மிச்சமிருக்கிறது.

சரி, அது மட்டும் போதுமா? போதாது. வெளியேறும் வெப்பத்தில் ஏறக்குறைய பாதி, பாறையில் மிகக் கொஞ்சமாகக் கலந்திருக்கும் யுரேனியம், தோரியம், பொட்டாசியம் அணுக்கள் சிதைவதால் இப்போதும் புதிதாகப் பிறப்பது. யுரேனியம்-238 பாதியாகக் குறையவே 450 கோடி வருஷம் ஆகும், பூமியின் வயசும் கிட்டத்தட்ட அதுதான், ஆக ஆரம்பத்தில் இருந்ததில் பாதி இன்னும் தீரவில்லை. தோரியத்துக்கு 1,400 கோடி வருஷம். பொட்டாசியம்-40 மட்டும் வேகமாகக் குறைந்து, பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

இது வெறும் கணக்கு இல்லை. அந்தச் சிதைவில் வெளியாகும் நியூட்ரினோ என்ற நுண்துகள்களை ஜப்பானின் காம்லாண்ட் கருவி பிடித்து எண்ணியிருக்கிறது. 2011இல் வந்த அதன் முடிவும் ஏறக்குறைய பாதி என்றே சொன்னது.