அரிவாள் செல்லும் ஒரு விநாடியும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

கூடலூர் பக்கத்தில் ஏழாம் வகுப்பு ஆசிரியையாக இருக்கிறேன். என் வகுப்பில் பணியர் பழங்குடிச் சிறுவன் ஒருவனுக்கு அரிவாள் செல் சோகை. நன்றாக ஓடி விளையாடுகிற பிள்ளை, திடீரென்று ஒருநாள் கால் எலும்பு வலியில் துடித்துப்போகிறான். ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியதால் வந்த நோய் என்கிறார்கள். அந்த ஒன்று எப்படி ஒரு செல்லையே வளைக்கும்? அவன் ரத்தம் முழுவதிலும் அதே மாற்றம் இருக்கும்போது, வலி மட்டும் சில நாட்களில் ஏன் வருகிறது?

– ஒரு ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்களுடைய இரண்டாவது கேள்விதான் இந்த நோயின் உயிர்நாடி. ஆனால் அதற்கு முதல் கேள்வியின் வழியாகத்தான் போகவேண்டும்.

ஹீமோகுளோபின் மூலக்கூறு நான்கு புரதச் சங்கிலிகளால் ஆனது. இரண்டு ஆல்ஃபா, இரண்டு பீட்டா. பீட்டா சங்கிலியிலுள்ள 146 அமினோ அமிலங்களில் ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலம் இருக்கவேண்டும். இந்த நோயில் அங்கே வாலின் இருக்கிறது. அந்த ஆறாவது இடம் மூலக்கூறின் வெளிப்புறத்தில் இருப்பதுதான் எல்லாவற்றுக்கும் காரணம். குளுட்டாமிக் அமிலம் எதிர்மின்னேற்றம் கொண்டது, நீரோடு ஒத்துப்போவது. வாலின் எண்ணெயைப்போல நீரை ஒதுக்குவது. நீர் சூழ்ந்த இடத்தில் இப்படி ஒன்று துருத்திக்கொண்டிருந்தால், அது நீரிலிருந்து ஒதுங்க இடம் தேடும். ஹீமோகுளோபின் ஆக்சிஜனை இறக்கிவிட்டதும் அதன் வடிவம் சற்று மாறுகிறது. அந்த வடிவத்தில், பக்கத்து மூலக்கூறின் பீட்டா சங்கிலியில் 85-ஆவது, 88-ஆவது அமினோ அமிலங்களுக்கு இடையே இருக்கும் எண்ணெய்த்தன்மையுள்ள ஒரு சிறிய குழியில் இந்த வாலின் கச்சிதமாகப் பொருந்திவிடுகிறது. ஆக்சிஜன் ஏறிய வடிவத்தில் அந்தப் பொருத்தம் அமைவதில்லை. ஒன்று அடுத்ததைப் பிடிக்க, அது அடுத்ததைப் பிடிக்க, கடைசியில் 14 இழைகள் முறுக்கிய கயிறுபோன்ற நார்கள் உருவாகின்றன. ஒரு சிவப்பணுவுக்குள் சுமார் 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. நார்கள் நீளும்போது செல்லின் மெல்லிய சவ்வை உள்ளிருந்து தள்ளி, அதைத் தம் திசைக்கு இழுத்துவிடுகின்றன.

ஆய்வகத்தில் வேலைபார்த்த காலத்தில் இதை நான் பலமுறை கண்ணால் பார்த்திருக்கிறேன். கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு ரத்தத்தோடு, ஆக்சிஜனை அகற்றும் சோடியம் மெட்டாபைசல்ஃபைட் கரைசலைக் கலந்து, மேலே மூடுதகடு வைத்து, காற்றுப் புகாதபடி ஓரங்களை வாசலினால் அடைத்துவிடுவோம். முதலில் எல்லாச் செல்களும் வட்டமாகவே தெரியும். நேரம் போகப்போக ஒரு செல்லின் ஓரத்தில் முனை ஒன்று எழும், இன்னொன்று இரண்டு பக்கமும் கூர்மையாகிப் பிறையாக வளையும், சில முள் இலைபோல் பல முனைகளோடு நிற்கும். காற்றுப் பட்டதும் அவற்றில் பெரும்பாலானவை மறுபடி வட்டமாகிவிடும். நார்கள் கரைந்துவிடுகின்றன என்பது அதன் பொருள். ஒன்றை இங்கே சொல்லிவிடவேண்டும்: பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் இந்த மரபணுவைப் பெற்று, நோயில்லாமல் இருப்பவரின் ரத்தமும் இந்தச் சோதனையில் அரிவாளாகும். ஆகவே இதை மட்டும் வைத்து ஒரு குழந்தைக்கு நோய் என்று முடிவுகட்டக்கூடாது. ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் சோதனை தேவை.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. ஆக்சிஜன் இறங்கியவுடனேயே நார்கள் உருவாகிவிடுவதில்லை. முதல் சில மூலக்கூறுகள் ஒன்றுசேர்ந்து ஒரு கரு அமைவது மிகவும் கடினம். அது அமையும்வரை வெளிப்பார்வைக்கு எதுவும் நடக்காது, அமைந்தபின் எல்லாம் சடசடவென்று நடந்துவிடும். இந்த இடைவெளியைத் தாமத நேரம் என்கிறார்கள். நுண்குழாய்களைக் கடக்க ஒரு சிவப்பணுவுக்கு ஒரு விநாடி அளவே ஆகிறது. அதற்குள் நார் உருவாகாவிட்டால், செல் அகலமான சிரைக்குள் தப்பித்து, நுரையீரலுக்குப் போய் ஆக்சிஜன் ஏற்றிக்கொண்டுவிடும். உங்கள் மாணவன் நன்றாக இருக்கிற நாட்களில் அவனுடைய செல்களில் பெரும்பாலானவை இப்படித்தான் ஒவ்வொரு சுற்றிலும் தப்பிக்கின்றன.

அந்தத் தாமத நேரம் செல்லுக்குள் இருக்கும் ஹீமோகுளோபினின் செறிவை நம்பமுடியாத அளவுக்குச் சார்ந்திருக்கிறது. செறிவின் 15 முதல் 30-ஆவது அடுக்குக்குத் தலைகீழ் விகிதத்தில் அது மாறுவதாக அளந்திருக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். செல் சற்றே நீரிழந்து செறிவு 5 சதவீதம் கூடினாலே, தாமத நேரம் பாதியாகவோ கால் பங்காகவோ சுருங்கிவிடும். ஒவ்வொரு முறை வளைந்து நிமிரும்போதும் சவ்வு பழுதாகி, செல்லிலிருந்து பொட்டாசியமும் கூடவே நீரும் கசிவதால், வயதான செல்களில் இந்தச் செறிவு ஏற்கெனவே கூடியிருக்கும். அவற்றில் சில ஆக்சிஜன் ஏறினாலும் நிமிராத அளவுக்குக் கெட்டுவிடுகின்றன.

ஆனால் அடைப்பு பல நேரம் இந்த விறைத்த செல்களால் தொடங்குவதில்லை என்பதைப் பலரும் அறிவதில்லை. இளம் சிவப்பணுக்களும் வெள்ளணுக்களும், நுண்குழாய் முடிந்து தொடங்கும் சிறுசிரைகளின் உட்சுவரில் ஒட்டிக்கொள்கின்றன. வழி குறுகி ஓட்டம் தளர்கிறது. ஒரு விநாடியில் கடந்துபோக வேண்டியவை பல விநாடிகள் தேங்குகின்றன, தாமத நேரம் தீர்ந்துபோகிறது, அங்கேயே விறைத்து, பின்னால் வருபவற்றையும் மறிக்கின்றன. அதற்கு அப்பாலுள்ள எலும்பு மஜ்ஜைக்கு ரத்தம் கிடைக்காமல் போகும்போதுதான் அந்தப் பிள்ளை காலைப் பிடித்துக்கொண்டு துடிக்கிறான்.

அவன் துடிப்பதற்கு முந்தைய இரண்டு நாட்களை நினைவுபடுத்திப் பாருங்கள். காய்ச்சல் வந்திருந்தால், உட்சுவரும் வெள்ளணுக்களும் தூண்டப்பட்டு ஒட்டும் தன்மை கூடியிருக்கும். சாப்பிடாமல் குடிக்காமல் படுத்திருந்தால் செல்கள் நீரிழந்திருக்கும். உங்கள் ஊர்க் குளிரில் நனைந்திருந்தால் தோலின் நாளங்கள் சுருங்கி ஓட்டம் தளர்ந்திருக்கும். மூன்றும் அந்த ஒரு விநாடிக் கணக்கைத்தான் குலைக்கின்றன. டாக்டர் கொடுக்கும் ஹைட்ராக்சியூரியா மாத்திரையும் அதே கணக்கில்தான் கைவைக்கிறது: இந்த நார்களில் சேராத சிசு ஹீமோகுளோபினின் அளவை அது கூட்டி, தாமத நேரத்தை நீட்டுகிறது. பிறந்து முதல் சில மாதங்களுக்கு இக்குழந்தைகள் நலமாக இருப்பதும் அந்தச் சிசு ஹீமோகுளோபினால்தான். வெள்ளணுக்களை மிகவும் குறைத்துவிடக்கூடும் என்பதால், இம்மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அவ்வப்போது ரத்தப் பரிசோதனை அவசியம்.

நீங்கள் ஆசிரியை என்பதால் சிறுநீரகத்தைப் பற்றியும் சொல்கிறேன். அதன் உட்பகுதியில் ஆக்சிஜன் குறைவு, உப்புச் செறிவு அதிகம், அமிலத்தன்மையும் உண்டு. அரிவாளாவதற்கு உடலில் இதைவிட வசதியான இடம் குறைவு. அங்கேயுள்ள நுண்ணாளங்கள் சிறுவயதிலேயே பழுதாகி, சிறுநீரைச் செறிவாக்கும் திறன் போய்விடுகிறது. தண்ணீர் குடிக்காவிட்டாலும் அவனுக்கு நிறைய சிறுநீர் போகும், அதனால் மற்ற பிள்ளைகளைவிட விரைவில் அவன் செல்கள் வற்றும். அடிக்கடி வெளியே போகக் கேட்பது அவனுடைய குறும்பு அல்ல. பாட வேளையிலும் போக விடுங்கள். தண்ணீர்ப் பாட்டிலை அவன் மேசைமீதே வைத்துக்கொள்ளட்டும்.