‘சாரி?’ என்று கேட்டால் மன்னிப்பு ஆகிவிடுமா?

கேள்வி: லண்டன் வாடிக்கையாளர் தொலைபேசியில் சொல்வது காதில் சரியாக விழாவிட்டால், ‘எக்ஸ்கியூஸ் மீ?’ என்று கேட்பேன். ஒருமுறை அவர் குரல் சட்டென்று மாறிவிட்டது. ‘சாரி’ என்றால் தவறு செய்தவன்போல் ஆகாதா? ‘பார்டன்’ சரியா?

பதில்: அந்த இடத்தில் லண்டன்காரர்களே பெரும்பாலும் சொல்வது, முடிவில் குரலை உயர்த்திக் கேள்வியாக ஒலிக்கும் ‘சாரி?’ என்பதைத்தான். மறுபடி சொல்லுங்கள் என்ற வேண்டுகோளாகவே அது எடுத்துக்கொள்ளப்படும். குரல் தாழ, ‘ஐ அம் சாரி’ என்று முழுமையாகச் சொல்லும்போதுதான் அது மன்னிப்பாகிறது.

‘எக்ஸ்கியூஸ் மீ’ அடிப்படையில் அனுமதி கேட்கும் சொல். கூட்டத்தில் வழி கேட்கும்போதும், அறிமுகமற்றவரை அழைக்கும்போதும், செயலுக்கு முன்பாக அதைச் சொல்கிறோம். அமெரிக்கர்கள் அதைத் திரும்பச் சொல்லக் கேட்பதற்கும், லேசாக இடித்துவிட்ட பிறகும்கூடப் பயன்படுத்துவார்கள். ஆனால் ‘ஸ்கியூஸ்’ என்ற அசையை அழுத்திக் கேள்வியாகச் சொன்னால், ‘என்ன பேச்சு இது?’ என்று சினந்து கேட்பதுபோல் இரு நாட்டவருக்கும் ஒலிக்கும். உங்கள் வாடிக்கையாளரின் குரல் மாறியதற்கு இதுவே காரணமாக இருந்திருக்கலாம்.

‘பார்டன்?’ பிழையன்று, மரியாதையானதும்கூட. இங்கிலாந்தில் அதற்கு ஒரு வர்க்கச் சாயல் உண்டு: 1954இல் மொழியியலாளர் ஆலன் ராஸ், மேல்தட்டினர் தவிர்க்கும் சொற்களுள் அதையும் சேர்த்தார். அலுவலகப் பேச்சில் இதற்காக நீங்கள் தயங்க வேண்டியதில்லை. சற்றுப் பழைய பாணியாகத் தோன்றும், அவ்வளவே.

என் அனுபவத்தில், எந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தோம் என்பதைவிட, எது கேட்கவில்லை என்று சொன்னோமா என்பதே தொலைபேசியில் முக்கியம். வாடிக்கையாளர் கேட்டது ‘தர்ட்டீன்’ உரிமங்களா, ‘தர்ட்டி’ உரிமங்களா என்று தெரியவில்லை என்று வைத்துக்கொள்வோம். வெறும் ‘சாரி?’ என்றால் அவர் முழு வாக்கியத்தையும் திரும்பச் சொல்வார். அதே எண் அதே மங்கலோடு மீண்டும் வரும். ‘சாரி, வாஸ் தட் ஒன் த்ரீ, ஆர் த்ரீ ஸீரோ?’ என்று இலக்கங்களைப் பிரித்துக் கேட்டால் ஒரே பதிலில் ஐயம் தீரும். இரண்டாம் முறையும் விளங்காவிட்டால், ‘சாரி, த லைன் இஸ் பேட்’ என்று இணைப்பின் குறையைச் சொல்லிவிட்டு, எண்ணை எழுதி அனுப்பக் கேளுங்கள்.

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே குறுக்கிட வேண்டுமென்றால், ‘சாரி டு இன்டரப்ட்’ என்று தொடங்குவது ‘எக்ஸ்கியூஸ் மீ’யைவிட மென்மையானது. பதின்மூன்றுக்குப் பதிலாக முப்பது உரிமங்களுக்கு விலைப்பட்டியல் போய்விட்டதென்றால் அது உண்மையான பிழை. அங்கே ‘எக்ஸ்கியூஸ் மீ’யோ ‘பார்டன்’னோ போதாது. ‘ஐ அம் சாரி அபவுட் த ராங் குவோட்’ என்று பிழையைப் பெயர் சொல்லி ஒப்புக்கொண்டு, திருத்திய பட்டியல் எப்போது வரும் என்பதையும் உடனே சொல்லுங்கள்.