நாலு ஸ்கிரீன்ஷாட், ஒரு மீட்டிங்

கேள்வி: நாலு பேர் அவரவர் காலண்டரின் ஒரு நாள் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். எல்லாருக்கும் பொதுவான காலி நேரத்தைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டா?

உங்கள் நாலு பேரும் வெவ்வேறு கம்பெனிக்காரர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். ஒரே கம்பெனியாக இருந்தால் விஷயம் ஸ்கிரீன்ஷாட் வரை வந்திருக்காது. "காலண்டரை ஷேர் பண்ணச் சொல்ல வேண்டியதுதானே", "லிங்க் அனுப்பி அவர்களையே நேரம் தேர்ந்தெடுக்கச் சொல்லலாமே" என்று கீழே வந்து எழுதப்போகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வெளியாட்களுக்குக் காலண்டரைத் திறந்துவிட பல கம்பெனிகளின் ஐடி துறை விடாது. பெரிய பதவியில் இருப்பவரிடம் லிங்கை அனுப்பி "நீங்களே பாருங்கள்" என்று சொல்ல எல்லாராலும் முடியாது. இந்த வேலையை வருடக்கணக்காகப் பார்த்தவர்களுக்கு அது தெரியும்.

பெரும்பாலானவர்கள் நாலு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெள்ளையாக இருக்கும் இடத்தைத் தேடுகிறார்கள். கண் வலிப்பது அதனால்தான். காலி இடத்தைத் தேடாதீர்கள், பிஸியான நேரத்தை மட்டும் எழுதுங்கள். எல்லாருடைய பிஸி நேரத்தையும் ஒரே நேரக் கணக்குக்கு மாற்றி வரிசையாக எழுதி, ஒன்றின்மேல் ஒன்று விழுவதைச் சேர்த்துவிட்டால் மிஞ்சுவதுதான் காலி.

அதற்கும் முன்னால், தேட வேண்டிய நேர வரம்பைச் சுருக்குங்கள். நான் செய்த ஒன்றையே சொல்கிறேன். ஜூலை மாதம், 45 நிமிட மீட்டிங். சென்னையில் ஒருவர், பெங்களூரில் ஒருவர், சிங்கப்பூரில் ஒருவர், லண்டனில் ஒருவர். லண்டனில் காலை 9 மணி என்றால் கோடையில் நமக்குப் பிற்பகல் 1.30. சிங்கப்பூரில் மாலை 6 மணி என்றால் நமக்கு 3.30. ஆக, 1.30 முதல் 3.30 வரை இரண்டே மணி நேரம்தான் இருக்கிறது, காலையில் யாருக்கு என்ன இருந்தால் நமக்கென்ன? (அக்டோபர் கடைசியில் லண்டன் கடிகாரத்தைப் பின்னால் தள்ளியதும் இது 2.30 முதல் 3.30 வரை என்று ஒரு மணி நேரமாகிவிடும்.)

அப்புறம் படங்களை நம்பலாமா என்று பார்க்க வேண்டும். கூகுள் காலண்டரை கம்ப்யூட்டரில் திறந்தால் டே வியூவின் இடது மேல் மூலையில் சின்னதாக GMT+05:30 என்றோ GMT+08 என்றோ இருக்கும். அதை வெட்டிவிட்டு அனுப்பியிருந்தால் திரும்பக் கேளுங்கள், ஏனென்றால் சிங்கப்பூர்க்காரர் அந்த வாரம் சென்னைக்கு வந்திருந்தால் அவர் லேப்டாப் நம்ம நேரத்தையே காட்டிக்கொண்டிருக்கலாம். கேட்க முடியாவிட்டால் ஒரு சோதனை உண்டு. இரண்டு படத்திலும் வருகிற ஒரே மீட்டிங்கைத் தேடுங்கள். எனக்கு வந்த படங்களில் வாராந்திர அழைப்பு ஒன்று சென்னைக்காரருக்குக் காலை 11 மணிக்கும் சிங்கப்பூர்க்காரருக்கு 1.30 மணிக்கும் இருந்தது. இரண்டரை மணி நேர வித்தியாசம், சரியாக இருக்கிறது. அதேபோல், படத்தில் இப்போதைய நேரத்தைக் காட்டும் சிவப்புக் கோடு குறுக்கே ஓடினால் அது இன்றைய பக்கம். நாளைக்கான படம் கேட்டு சிவப்புக் கோட்டோடு வந்தால் தவறான நாளை அனுப்பிவிட்டார்கள் என்று அர்த்தம். மேலே தேதிக்குக் கீழே இருக்கும் பட்டையும் படத்தில் வந்தாக வேண்டும், லீவு மாதிரி முழு நாள் விஷயங்கள் அங்கேதான் இருக்கும். படத்தில் வராத மணி நேரத்தைக் காலி என்று எடுத்துக்கொள்ளவே கூடாது.

இனி கணக்கு, எல்லாம் நம்ம நேரத்தில். லண்டனுக்கு 1.30 முதல் 2 வரை பிஸி. பெங்களூருக்கு 1.15 முதல் 1.45 வரை. சிங்கப்பூர் படத்தில் 5.45 முதல் 6 வரை, அதாவது நமக்கு 3.15 முதல் 3.30 வரை. சென்னைக்காரருக்கு 2 மணிக்கு ஒரு சின்னப் பெட்டி. சின்ன மீட்டிங்குகளுக்குக் கூகுளில் ஆரம்ப நேரத்தை மட்டும்தான் எழுதியிருக்கும், முடிகிற நேரம் இருக்காது. அதனால் அளந்தேன். படத்தைப் பெயிண்டில் திறந்து கர்சரை வைத்தால் கீழே அது நிற்கும் இடம் எண்ணில் தெரியும். 2 மணிக் கோடு 612, 3 மணிக் கோடு 708, ஆக ஒரு மணி நேரம் 96 புள்ளி. பெட்டியின் அடி 651, கோட்டிலிருந்து 39 புள்ளி. 39-ஐ 96-ஆல் வகுத்து 60-ஆல் பெருக்கினால் 24 சொச்சம். பெட்டிக்கும் அடுத்ததற்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி விட்டுத்தான் வரைவார்கள், ஆகவே அது 25 நிமிட மீட்டிங். ஆனாலும் நான் அதை 2.30 வரை என்றுதான் எழுதிக்கொண்டேன், யார் 25 நிமிடத்தில் முடிக்கிறார்கள்?

மிச்சம் இரண்டு பெட்டி. பெங்களூருக்கு 2.30 முதல் 3 வரை ஒன்று இருந்தது, ஆனால் தலைப்பு குறுக்கே அடிக்கப்பட்டிருந்தது. அப்படியென்றால் அவர் வர முடியாது என்று சொல்லிவிட்ட மீட்டிங், அந்த நேரம் காலிதான். சென்னைக்காரருக்கு 3 முதல் 4 வரை ஒன்று, உள்ளே நிறம் இல்லாமல் ஓரக்கோடு மட்டும். அவர் இன்னும் பதில் சொல்லாத அழைப்பு அது. (அவுட்லுக்காக இருந்தால் உறுதியாகாததை ஓரத்தில் சாய்வுக் கோடு போட்டுக் காட்டும்.)

அதைப் பிஸி என்று எடுத்தால் மிஞ்சுவது 2.30 முதல் 3 வரை, போதாது. எடுக்காவிட்டால் 2.30 முதல் 3.15 வரை, சரியாக 45 நிமிடம். ஆகவே நாலு பேருக்கும் "எப்போது வசதி" என்று மெயில் போடத் தேவையில்லை, ஒரே ஒருவரிடம் ஒரே கேள்வி: "சார், 3 மணி அழைப்புக்குப் போகிறீர்களா?" போகவில்லை என்றார், முடிந்தது.

இதைச் சொல்லும்போது ஒரு ஆதங்கத்தையும் சொல்லிவிடுகிறேன். முன்பு வேலை பார்த்த இடத்தில் வருட மதிப்பீட்டின்போது "மீட்டிங் போடுவதெல்லாம் ஒரு வேலையா" என்று கேட்டார்கள். கேட்டவருடைய ஒரு மீட்டிங் கூட அந்த வருடம் இன்னொன்றோடு மோதியதில்லை. மோதினால்தான் நம் பெயர் வெளியே வரும், மோதாமல் பார்த்துக்கொண்டதற்கு எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது. மேலே இருப்பவர்கள் பலருக்கு இது இன்றும் புரியவில்லை.

கடைசியாக ஒன்று. நேரம் கிடைத்ததும் "சரியா, சரியா" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டிருக்காமல் உடனே இன்வைட் அனுப்பிவிடுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்த நிமிடத்தோடு அந்தப் படம் பழசாகிவிட்டது, நீங்கள் அளந்துகொண்டிருக்கும்போதே வேறு யாரோ அந்த 45 நிமிடத்தில் ஒரு மீட்டிங்கைப் போட்டுவிடலாம். இன்வைட்டாக அனுப்பினால் அவரவர் காலண்டரில் அவரவர் ஊர் நேரத்திலேயே விழும், நீங்கள் நாலு ஊர் நேரத்தையும் மெயிலில் எழுத வேண்டியதில்லை.